கார்டு போனாலும் வீட்டின் அமைப்பு போகக் கூடாது

ராஸ்பெர்ரி பை என்னும் கையடக்கக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் போட்டு வீட்டு விளக்குகளையும் தண்ணீர் மோட்டாரையும் சென்சார்களையும் ஓட்டுகிறவர்களிடம் பேசினால் ஒரே புகார் திரும்பத் திரும்பக் காதில் விழும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒருநாள் கரண்ட் போய் வந்தது, அதன்பிறகு எழவே இல்லை என்பார்கள். கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்குள் செருகியிருக்கும் மைக்ரோ எஸ்.டி. கார்டுதான் போயிருக்கும். கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதிலிருந்த அமைப்பு அப்படிக் கிடைக்காது. எந்த சுவிட்ச் எந்த அறையுடையது, தொட்டி நிறைந்தால் எது நிற்க வேண்டும், இரவில் எந்த விளக்கு மங்க வேண்டும் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை அது.

ஹோம் அசிஸ்டன்ட் 2013இல் பாலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை வீட்டிலேயே இருக்கும் ஒரு கணினியிலிருந்து இயக்க உதவுகிறது. அமைப்பு முழுவதும் நம் வீட்டுக் கணினியில் இருப்பது இதன் பெரிய பலம். அதனாலேயே அதைக் காப்பாற்றும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

பேக்கப் இருந்தால் போதும் என்று நினைப்போம். ஆனால் பேக்கப் கோப்பு கையில் இருந்தும் வீடு இயங்காமல் நிற்பது உண்டு. கோப்பைத் திறக்கும் சாவி, ஜிக்பீ டாங்கிள், கணினியின் நெட்வொர்க் முகவரி ஆகிய மூன்றும் அந்தக் கோப்புக்கு வெளியே இருக்கின்றன. கோப்போடு இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் புதுக் கணினிக்கு மாறுவது ஒரு மாலை வேலை.

கார்டு ஏன் தேய்கிறது

மெமரி கார்டில் சிறிய ஒரு தகவலை மாற்ற வேண்டுமானாலும் அந்த இடத்தில் மட்டும் மாற்றி எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்தால்தான் அதில் மறுபடி எழுதலாம். நோட்டில் ஒரு சொல்லைத் திருத்த முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது போன்ற வேலை இது. ஒவ்வொரு தொகுதியையும் இத்தனை முறைதான் அழிக்கலாம் என்று ஓர் எல்லையும் உண்டு. போட்டோ எடுத்து வைக்கும் கேமராவில் இந்த எல்லை எட்டுவது அரிது. ஹோம் அசிஸ்டன்ட்டில் நிலைமை வேறு. வெப்பநிலை அரை டிகிரி மாறினாலும், மின்பயன்பாடு ஒரு வாட் கூடினாலும் அது `home-assistant_v2.db` என்ற தரவுத்தளத்தில் பதிவாகிறது. நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் 5 விநாடிக்கு ஒருமுறை இந்தப் பதிவுகள் கார்டில் எழுதப்படுகின்றன. பத்து நாள் பதிவுகள் வைக்கப்பட்டுப் பழையவை அழிக்கப்படுகின்றன. அந்த அழிப்பும் கார்டுக்கு எழுத்து வேலைதான்.

மின்தடை வேறு வகையான ஆபத்து. எந்தத் தகவல் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்ற அட்டவணையைக் கார்டுக்குள் இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு பராமரிக்கிறது. அதைத் திருத்திக்கொண்டிருக்கும் கணத்தில் கரண்ட் போனால் அட்டவணை சிதையலாம். தகவல் கார்டில் இருந்தாலும் அதைத் தேடி எடுக்க வழியிருக்காது. பல நாள் தேய்ந்த கார்டு ஒரு மின்தடையோடு முடிந்துபோவது இப்படித்தான்.

சாவதற்கு முன் அது காட்டும் அறிகுறிகள்

எல்லாக் கார்டும் சொல்லாமல் போவதில்லை. Settings → System → Logs பக்கத்தில் இப்படி வரிகள் தென்பட்டால் கார்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்:

```
OSError: [Errno 30] Read-only file system
I/O error, dev mmcblk0
```

`mmcblk0` என்பது மெமரி கார்டுக்குக் கணினி வைத்திருக்கும் பெயர். அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடத்தில் `home-assistant_v2.db.corrupt` என்று தொடங்கித் தேதியோடு முடியும் கோப்பு இருந்தால், தரவுத்தளம் ஒருமுறை சிதைந்து, மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். வரலாற்று வரைபடங்கள் திடீரென்று காலியாகிப் போவது இதன் வெளிப்பாடு.

ஏமாற்றும் அறிகுறி ஒன்றும் உண்டு. நீங்கள் ஒரு தானியங்கி விதியை மாற்றிச் சேமிக்கிறீர்கள், எந்தப் பிழையும் வரவில்லை. ஆனால் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய விதியே திரும்ப வந்து நிற்கிறது. தேய்ந்த கார்டு சில நேரம் எழுதியதாகச் சொல்லிவிட்டு எதையும் எழுதாமல் விடும்.

இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் ரீஸ்டார்ட் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள், மறுபடி எழாமல் போகலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு பேக்கப் எடுத்து உங்கள் லேப்டாப்பில் இறக்குங்கள். கார்டில் எழுத முடியாததால் புது பேக்கப் எடுபடவில்லை என்றால், பட்டியலில் இருக்கும் கடைசி பேக்கப்பையாவது உடனே இறக்கிக்கொள்ளுங்கள்.

கோப்புக்குள் என்ன, வெளியே என்ன

ஹோம் அசிஸ்டன்ட்டில் நம் கண்ணுக்குத் தெரியும் அமைப்புக் கோப்புகள் `configuration.yaml`, `automations.yaml` போன்றவை. இவற்றை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொண்டு பேக்கப் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் கருவிகளின் பட்டியல், அவற்றுக்கு நீங்கள் வைத்த பெயர்கள், அறைகள், பயனர் கணக்குகள், இணைத்த சேவைகளின் அனுமதிகள் எல்லாம் `.storage` என்ற மறைந்த கோப்புறையில் இருக்கின்றன. அது இல்லாமல் விதிகள் மட்டும் வந்தால், இல்லாத கருவிகளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும். முழு பேக்கப் இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. கூடவே மொஸ்கிட்டோ, ஜிக்பீ2எம்கியூடிடி போன்ற துணை மென்பொருள்களின் தரவையும் சேர்த்து `.tar` என்று முடியும் ஒரே கோப்பாகக் கட்டுகிறது.

அந்தக் கோப்பு எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். நீங்கள் வேறு இடம் சொல்லாவிட்டால் அதே மெமரி கார்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். கார்டு போகும்போது பேக்கப்பும் அதோடு போகும். 2025 ஜனவரிப் பதிப்பிலிருந்து தானாக பேக்கப் எடுக்கும் வசதி ஹோம் அசிஸ்டன்ட்டிலேயே இருக்கிறது. Settings → System → Backups பக்கத்தில் தினசரி என்று வைத்து, சேமிக்கும் இடமாக கூகுள் டிரைவையோ ஒன்டிரைவையோ வீட்டிலுள்ள நெட்வொர்க் சேமிப்பையோ சேர்க்கலாம்.

இங்கேதான் சாவி வருகிறது. தானாக எடுக்கும் பேக்கப்புகள் மறையாக்கம் செய்யப்படுகின்றன, அவற்றைத் திறக்க ஒரு நீண்ட குறியீடு வேண்டும். அமைக்கும்போது அது Emergency kit என்ற சிறிய கோப்பாக இறக்கக் கிடைக்கும். அதைத் தாளில் அச்சடித்து பீரோவில் வையுங்கள், கைபேசியின் பாஸ்வேர்டு செயலியிலும் ஒரு நகல் வையுங்கள். கார்டு நன்றாக இருக்கும்வரை சாவியை ஹோம் அசிஸ்டன்ட்டிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். கார்டோடு சாவியும் போய்விட்டால் டிரைவில் எத்தனை நகல் இருந்தும் எதையும் திறக்க முடியாது. அந்த மென்பொருளை எழுதியவர்களாலும் முடியாது.

இறக்கிய கோப்பு முழுமையாக வந்திருக்கிறதா என்று பார்க்க லேப்டாப்பில் ஒரே கட்டளை போதும்:

```
tar -tf backup.tar
```

`backup.json`, `homeassistant.tar.gz` ஆகிய பெயர்களும் துணை மென்பொருள்களின் பெயர்களும் வரிசையாக வந்து, பிழை இல்லாமல் முடிந்தால் கோப்பு பாதியில் அறுபடவில்லை. உள்ளே இருப்பது சாவிக்குப் பின்னால் இருக்கும், ஆனால் வெளிக்கட்டு சரியாக இருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

ஒரு வீட்டில் ராஸ்பெர்ரி பை 4, அதில் 32 ஜிபி கார்டு. யூஎஸ்பியில் ஒரு ஜிக்பீ டாங்கிள். அதன்கீழ் இருபது ஜிக்பீ கருவிகள், அவற்றில் மேல்தொட்டியின் நீர்மட்ட சென்சாரும் ஒன்று. மோட்டார் உட்பட ஐந்து வைஃபை சுவிட்சுகள் டாஸ்மோட்டா மென்பொருளில் ஓடுகின்றன. கணினியின் முகவரி 192.168.1.20. கார்டு போய்விட்டது. நேற்று இரவு எடுத்த பேக்கப் கூகுள் டிரைவில் இருக்கிறது, சாவி தாளில் இருக்கிறது. வீட்டுக்காரர் மறுபடி கார்டை நம்பாமல், 128 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ள பழைய மினி பிசி ஒன்றை வாங்கியிருக்கிறார்.

கணினியின் இனமே மாறுகிறதே, பேக்கப் ஏற்குமா என்ற சந்தேகம் முதலில் வரும். ஏற்கும். பேக்கப்பில் இருப்பது அமைப்பும் தரவும்தான். துணை மென்பொருள்களைப் புதுக் கணினி தனக்கு ஏற்ற வடிவத்தில் இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்கிறது. அதனால் மீட்கும்போது இணைய இணைப்பு கட்டாயம் வேண்டும்.

முதல் வேலை, மினி பிசிக்கு உரிய ஹோம் அசிஸ்டன்ட் ஓ.எஸ். பிம்பக் கோப்பை எஸ்.எஸ்.டி.யில் நேரடியாக எழுதுவது. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி யூஎஸ்பி கேபிளில் மாட்டி லேப்டாப்பிலிருந்து எழுதலாம். அல்லது மினி பிசியைப் பென் டிரைவில் உள்ள உபுண்டுவில் எழுப்பி அங்கிருந்து எழுதலாம். எஸ்.எஸ்.டி.யில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பயாஸில் யூஇஎஃப்ஐ இயங்க வேண்டும், செக்யூர் பூட் அணைந்திருக்க வேண்டும். அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். கரண்ட் வந்ததும் ராஸ்பெர்ரி பை தானாக எழுந்துவிடும், பல மினி பிசிகள் யாராவது பொத்தானை அழுத்தும்வரை எழாது. மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு என்ற அமைப்பைப் பயாஸில் தேடி மாற்றிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால், வீட்டில் ஆள் இல்லாத நாளில் வரும் முதல் மின்தடையே எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

இரண்டாவது, முகவரி. டாஸ்மோட்டா சுவிட்சுகள் ஒவ்வொன்றிலும் 192.168.1.20 என்ற எண் எழுதியிருக்கிறது. அவை அந்த எண்ணைத் தேடிப் போய்த்தான் இணைகின்றன. புதுக் கணினிக்கு ரவுட்டர் 192.168.1.37 என்று வேறு எண் கொடுத்தால், பேக்கப் முழுதாக மீண்டும் ஐந்து சுவிட்சும் ஊமையாக இருக்கும். ரவுட்டரின் பக்கத்தில் போய், பழைய கணினிக்கு ஒதுக்கிய முகவரியை நீக்கிவிட்டு அதே எண்ணைப் புதுக் கணினியின் மேக் முகவரிக்கு ஒதுக்குங்கள். ஐந்து சுவிட்சிலும் தனித்தனியாகப் போய் எண்ணை மாற்றும் வேலை மிச்சம்.

மூன்றாவது, டாங்கிள். ஜிக்பீ வலையின் ரகசியக் குறியீடும் அடையாள எண்களும் டாங்கிளுக்குள்ளும் பதிந்திருக்கின்றன. அதனால் அதே டாங்கிளைப் பழைய கணினியிலிருந்து பிடுங்கிப் புதியதில் செருகினால் போதும், இருபது கருவிகளுக்கும் எதுவும் மாறியதாகவே தெரியாது. நேரடியாகச் செருகாமல் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 துளைகளும் எஸ்.எஸ்.டி. கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸில் எழுப்பும் இரைச்சல் ஜிக்பீயின் அலைவரிசையில்தான் விழுகிறது. புதுக் கணினிக்கு மாறியதும் ஜிக்பீ கருவிகள் அடிக்கடி விட்டுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது வேலையைத் தொடங்குமுன் மோட்டாரைக் கவனியுங்கள். பேக்கப் மீண்டதும் தானியங்கி விதிகள் உடனே வேலைக்கு வந்துவிடும். காலை ஆறு மணிக்கு மோட்டார் போடும் விதி ஓடும். நீர்மட்ட சென்சார் இன்னும் தகவல் அனுப்பத் தொடங்கியிருக்காவிட்டால் அதை நிறுத்தும் விதி ஓடாது. சுவரில் உள்ள சுவிட்சில் மோட்டாரை அணைத்து வைத்துவிட்டு மேலே போவது நல்லது.

இப்போது லேப்டாப்பில் டிரைவிலிருந்து பேக்கப்பை இறக்கி, பிரவுசரில் `http://homeassistant.local:8123` என்று திறந்தால் வரவேற்புப் பக்கம் வரும். புதிதாகக் கணக்குத் தொடங்காமல், பேக்கப்பிலிருந்து மீட்கும் வழியைத் தேர்ந்தெடுத்துக் கோப்பை ஏற்றுங்கள், சாவியைக் கொடுங்கள். அதன்பின் முக்கால் மணி நேரம் ஆகலாம், கோப்பு பெரிதானால் அதற்கு மேலும் ஆகலாம். இடையில் பக்கம் திறக்காமல் போகும், நின்றுவிட்டது போலத் தோன்றும். பிளக்கைப் பிடுங்காதீர்கள். முடிந்ததும் பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டும் கொண்டே உள்ளே போகலாம்.

மீண்டபின் பார்க்க வேண்டியவை

முதலில் ஜிக்பீயைப் பாருங்கள். அது எழவில்லை என்றால் பெரும்பாலும் டாங்கிளின் பாதை மாறியிருக்கும். பழைய அமைப்பில் `/dev/ttyUSB0` என்று எழுதியிருந்தால், புதுக் கணினியில் அதே டாங்கிளுக்கு வேறு எண் விழுந்திருக்கலாம். Settings → System → Hardware பக்கத்தில் எல்லா வன்பொருளையும் காட்டச் சொன்னால் `/dev/serial/by-id/` என்று தொடங்கும் நீளமான பெயர் கிடைக்கும். அது டாங்கிளின் சொந்த வரிசை எண்ணோடு கட்டியது, எந்தத் துளையில் செருகினாலும் மாறாது. அதையே அமைப்பில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் திரும்ப வராது.

பேட்டரியில் ஓடும் சென்சார்கள் உடனே உயிர்பெறவில்லை என்று பதறத் தேவையில்லை. அவை பெரும்பாலும் உறங்குபவை, அடுத்த தகவலை அனுப்பும்வரை கிடைக்கவில்லை என்றே காட்டும். சில மணி நேரம் பொறுங்கள். பொறுக்காமல் அவற்றை நீக்கிவிட்டு மறுபடி இணைக்கத் தொடங்கினால் பெயரும் அறையும் விதிகளோடு இருந்த தொடர்பும் கலைந்துபோக வாய்ப்புண்டு. காப்பாற்றிய வேலையை நாமே அழித்தது போலாகிவிடும். நீர்மட்டம் சரியான எண்ணைக் காட்டத் தொடங்கியபின் சுவரில் மோட்டாரைத் திருப்பிப் போடுங்கள்.

வராதவையும் சில உண்டு. ராஸ்பெர்ரி பையின் ஊசிகளில் கம்பியால் நேரடியாக இணைத்த சென்சார்களுக்கு மினி பிசியில் இடமே இல்லை. ஊசிகளின் மேல் பொருத்தும் ஜிக்பீ பலகையும் அப்படித்தான். உள்ளிருந்த புளூடூத்தின் அடையாளமும் மாறிவிடும் என்பதால் புளூடூத்தை மறுபடி அமைக்க வேண்டும். இப்படிப்பட்ட வீடுகள் புதுக் கார்டோ எஸ்.எஸ்.டி.யோ மாட்டி ராஸ்பெர்ரி பையிலேயே தொடர்வது எளிது.

பேக்கப்பே இல்லாதவர்களுக்கு

கார்டு எழவில்லை என்பதாலேயே அதில் எதுவும் மிஞ்சவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் வட்டை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹோம் அசிஸ்டன்ட் தரவு இருக்கும் பகுதியை விண்டோஸ் படிக்கத் தெரியாமல் அப்படிக் கேட்கிறது. லினக்ஸில் செருகி, முதலில் கார்டு முழுவதையும் ஒரு கோப்பாக நகலெடுக்க வேண்டும்:

```
sudo ddrescue -n /dev/sdX card.img card.map
sudo ddrescue -r3 /dev/sdX card.img card.map
```

`sdX` என்ற இடத்தில் உங்கள் கார்டின் உண்மையான பெயர் வர வேண்டும். முதல் கட்டளை எளிதில் படிக்கக்கூடியதை எடுத்துவிடும், இரண்டாவது கெட்ட இடங்களை மூன்று முறை முயன்று பார்க்கும். இனி மரிக்கும் கார்டைத் தொந்தரவு செய்யாமல் நகலிலேயே தேடலாம். அதில் `hassos-data` என்ற பகுதிக்குள் `supervisor/backup` கோப்புறையைப் பாருங்கள். என்றோ எடுத்து மறந்த பேக்கப் அங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் `supervisor/homeassistant` கோப்புறையை, மறைந்திருக்கும் `.storage` உட்பட, முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அமைப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஒத்திகையும் பழைய கார்டும்

கார்டிலேயே தொடர்கிறவர்கள் எழுத்து வேலையைக் குறைக்கலாம். `configuration.yaml` கோப்பில் இப்படிச் சேர்த்தால் அரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதும், தேவையற்ற சிக்னல் அளவுகளைப் பதியாது:

```yaml
recorder:
  commit_interval: 30
  purge_keep_days: 7
  exclude:
    entity_globs:
      - sensor.*_linkquality
```

தரவுத்தளம் சிறுத்தால் பேக்கப்பும் சிறுக்கும், மீட்கும் நேரமும் குறையும். கரண்ட் திடீரென்று போனால் கடைசி அரை நிமிடப் பதிவு இல்லாமல் போகலாம், அவ்வளவுதான்.

பேக்கப் உண்மையிலேயே மீளுமா என்பதை மீட்டுப் பார்த்தால்தான் அறிய முடியும். லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதில் ஹோம் அசிஸ்டன்ட்டை எழுப்பி, டிரைவில் உள்ள கோப்பையும் தாளில் உள்ள சாவியையும் கொண்டு ஒருமுறை மீட்டுப் பாருங்கள். அந்த நேரம் அசல் கணினி அணைந்திருக்க வேண்டும், மோட்டாரும் சுவரில் அணைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் ஒன்றாக ஓடினால் ஒரே விளக்குக்கும் ஒரே சுவிட்சுக்கும் இரண்டு கணினிகள் உத்தரவிடும். டாங்கிள் இல்லாததால் ஜிக்பீ எழாது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். சாவி திறக்கிறதா, விதிகளும் கருவிப் பெயர்களும் வந்தனவா என்பதே இங்கே கேள்வி.

எல்லாம் முடிந்ததும் பழைய கார்டை மேசை டிராயரில் போட்டுவிடாதீர்கள். அதில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டும், இணைத்த சேவைகளின் அனுமதிகளும், வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்ற பதிவுகளும் இருக்கின்றன. எழுத்து நின்றுபோன கார்டை அழிக்கவும் முடியாது, ஏனென்றால் அழிப்பதும் ஓர் எழுத்துதான். ஃபார்மேட் செய்ததாகச் சொல்லும், மறுபடி செருகினால் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் படிக்க மட்டும் பலநாள் முடியும். புதுக் கணினியிலிருந்து முதல் பேக்கப் டிரைவுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துக்கொண்டு, பழைய கார்டைக் குறுக்கே வெட்டி, உள்ளிருக்கும் சில்லும் உடைந்ததா என்று பார்த்து மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.